பகாக் கோவையைச் சோதிக்கவும் அதிலிருந்து களம் கட்டவும் 14 குறிப்புகள்

60° கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு மூன்று சம பாகங்களாகப் பிரிக்க முடியுமா? இந்தப் பழைய கேள்வி கடைசியில் ஒரு முப்படிக் கோவையில் வந்து நிற்கிறது. cos 3A = 4cos³A − 3cos A என்ற வாய்பாட்டில் A = 20° என்று இடுங்கள். இடப்பக்கம் cos 60°, அதாவது 1/2. cos 20° என்பதை c என்று எழுதினால் 4c³ − 3c = 1/2 கிடைக்கிறது.

இந்தச் சமன்பாட்டின் கோவையை விகிதமுறு கெழுக்கள் உள்ள சிறிய படிக் கோவைகளின் பெருக்கலாக உடைக்க முடியுமா என்பதே முதல் வேலை. உடைக்க முடியாவிட்டால் அது விகிதமுறு எண்களின் மேல் பகாக் கோவை. அதை வைத்து ஒரு புதிய எண் களத்தைக் கட்டுவது இரண்டாவது வேலை. இயற்கணிதத் தாள் எழுதும் மாணவர்களும், கல்லூரிக் கணக்கை மறுபடி எடுத்துப் பார்க்கும் ஆசிரியர்களும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்துபார்க்க இந்தக் குறிப்புகள் உதவும். இந்த ஒரு கோவையையே தொடக்கம் முதல் முடிவு வரை பிடித்துக்கொள்வோம். அது விட்டுவிடும் இடங்களுக்கு மட்டும் வேறு கோவைகளை எடுப்போம்.

1. முதலில் பின்னங்களை நீக்குங்கள்.

4c³ − 3c = 1/2 என்பதை இரண்டால் பெருக்கினால் 8c³ − 6c − 1 = 0. பூச்சியமல்லாத எண்ணால் பெருக்குவதால் கோவையின் பகாத் தன்மை மாறாது. இன்னும் ஒரு படி போகலாம். x = 2c என்று வையுங்கள். 8c³ என்பது x³ ஆகிறது, 6c என்பது 3x ஆகிறது. கோவை x³ − 3x − 1 என்று சுருங்கிவிடுகிறது. உயர்படி உறுப்பின் கெழு 1 ஆகிவிட்டதால் இனி வரும் எல்லாக் கணக்குகளும் எளிதாகும்.

முழு எண்களுக்கு வருவதில் பெரிய லாபம் உண்டு. முழு எண் கெழுக்கள் உள்ள கோவை விகிதமுறு எண்களின் மேல் பிரிந்தால், அதே படிகளோடு முழு எண் கெழுக்கள் உள்ள காரணிகளாகவும் பிரியும். இதுதான் கவுஸின் துணைத்தேற்றம். 1801-ல் அவர் வெளியிட்ட எண்கணித ஆய்வு நூலிலேயே இதன் மூலவடிவம் இருக்கிறது. ஆகவே காரணி தேடும்போது பின்னங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முழு எண்களுக்குள் தேடினால் போதும்.

2. படி இரண்டோ மூன்றோ என்றால் மூலத்தை மட்டும் தேடுங்கள்.

முப்படிக் கோவை பிரிந்தால் காரணிகளில் ஒன்றாவது ஒருபடியாக இருந்தே தீர வேண்டும். மூன்றை 1 + 2 என்றோ 1 + 1 + 1 என்றோதான் பிரிக்க முடியும். ஒருபடிக் காரணி இருந்தால் விகிதமுறு மூலம் இருக்கும். மூலம் இல்லை என்று காட்டிவிட்டால் கோவை பகாக் கோவை என்பது உறுதி.

தேடவேண்டிய மூலங்களும் சில மட்டுமே. சுருக்கிய வடிவில் r/s ஒரு மூலமானால் r மாறிலி உறுப்பை வகுக்கும், s உயர்படிக் கெழுவை வகுக்கும். 8c³ − 6c − 1 என்றே விட்டிருந்தால் ±1, ±1/2, ±1/4, ±1/8 என எட்டு எண்களைப் பிரதியிட்டுப் பார்க்க வேண்டும். x³ − 3x − 1 என்று மாற்றிக்கொண்டதால் ±1 மட்டும் போதும். x = 1 எனில் 1 − 3 − 1 = −3. x = −1 எனில் −1 + 3 − 1 = 1. இரண்டும் பூச்சியம் இல்லை. ஆக, x³ − 3x − 1 பகாக் கோவை. வேலை இங்கேயே முடிந்துவிட்டது. மற்ற சோதனைகளையும் இதே கோவையில் செய்துபார்ப்பது, அவை எப்படி வேலை செய்கின்றன என்று கண்ணால் பார்க்கத்தான்.

3. படி நான்கானால் ‘மூலம் இல்லை’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

தேர்வுத் தாள்களில் அதிகம் மதிப்பெண் போகும் இடம் இதுதான். x⁴ + 4 என்ற கோவையைப் பாருங்கள். x எந்த மெய்யெண்ணாக இருந்தாலும் இது 4-க்குக் குறையாது. ஆகவே விகிதமுறு மூலம் கிடையாது. ஆனால்

x⁴ + 4 = (x² + 2x + 2)(x² − 2x + 2)

என்று அழகாகப் பிரிகிறது. நான்கை 2 + 2 என்றும் பிரிக்கலாம் என்பதை மறப்பதால் வரும் தவறு இது. படி நான்கு முதல், மூலம் இல்லை என்பது தேவையான நிபந்தனை மட்டுமே, போதுமானது அல்ல.

4. நான்குபடிக் கோவையில் இருபடிக் காரணிகளை நேராகத் தேடுங்கள்.

√2 + √3 என்ற எண்ணின் கோவை x⁴ − 10x² + 1. ±1 இரண்டையும் பிரதியிட்டால் −8 வருகிறது, மூலம் இல்லை. இனி இருபடிக் காரணிகள் உண்டா என்று பார்ப்போம். கவுஸின் துணைத்தேற்றப்படி அவற்றை

(x² + ax + b)(x² + cx + d)

என்று முழு எண் கெழுக்களோடு எழுதலாம். x³-ன் கெழு பூச்சியம், ஆகவே c = −a. மாறிலி உறுப்பு 1, ஆகவே bd = 1. முழு எண்களில் இதற்கு b = d = 1 அல்லது b = d = −1 என்ற இரண்டே வாய்ப்புகள். x²-ன் கெழுவை ஒப்பிட்டால் b + d − a² = −10. முதல் வாய்ப்பில் a² = 12, இரண்டாவதில் a² = 8. இரண்டும் முழு வர்க்கங்கள் அல்ல. ஆகவே இதுவும் பகாக் கோவை. கெழுக்கள் முழு எண்கள் என்ற உறுதி கையில் இருந்ததால்தான் bd = 1 என்ற ஒரே வரி இத்தனை வாய்ப்புகளை வெட்டித் தள்ளியது. விகிதமுறு எண்களில் தேடியிருந்தால் bd = 1-க்கு முடிவில்லாத விடைகள் உண்டு.

5. சிறிய பகா எண்ணால் கெழுக்களின் மீதியை எடுத்துப் பாருங்கள்.

கோவையின் ஒவ்வொரு கெழுவையும் 2-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். x³ − 3x − 1 என்பது மட்டு 2-ல் x³ + x + 1 ஆகிறது. இங்கே இருப்பது 0, 1 என்ற இரண்டே எண்கள். 0-வைப் பிரதியிட்டால் 1. 1-ஐப் பிரதியிட்டால் 3, அதாவது மீதி 1. மூலம் இல்லை, படி மூன்று, ஆகவே மட்டு 2-ல் பகாக் கோவை. மூலக்கோவை முழு எண்களில் பிரிந்திருந்தால் அந்தப் பிரிவு மட்டு 2-லும் தொடர்ந்திருக்கும். தொடரவில்லை என்பதால் மூலக்கோவையும் பகாக் கோவைதான்.

ஒரு எச்சரிக்கை. எடுக்கும் பகா எண் உயர்படி உறுப்பின் கெழுவை வகுக்கக் கூடாது. 2x² + 3x + 1 என்பது மட்டு 2-ல் x + 1 ஆகிவிடும். அது ஒருபடி, பிரிக்க முடியாதது. ஆனால் மூலக்கோவை (2x + 1)(x + 1) என்று பிரிகிறது. மீதி எடுத்ததில் படியே குறைந்துவிட்டதால் வந்த ஏமாற்றம் இது. மீதி எடுத்தபின் படி மாறாமல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

6. மட்டு எண்ணில் பிரிந்தால் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இந்தச் சோதனை ஒருவழிப் பாதை. ஒரு பகா எண்ணிலாவது பிரியாமல் நின்றால் போதும், விடை கிடைத்துவிடும். பிரிந்தால் ஒன்றும் தெரியாது. நம்முடைய x³ − 3x − 1 மட்டு 17-ல் (x − 3)(x − 4)(x − 10) என்று முழுக்கப் பிரிந்துவிடுகிறது. 3-ஐப் பிரதியிட்டால் 17, 4-ஐப் பிரதியிட்டால் 51, 10-ஐப் பிரதியிட்டால் 969. மூன்றும் 17-ன் மடங்குகள். இருந்தும் மட்டு 2-ன் சாட்சி ஒன்றே போதுமானது.

இரண்டு பகா எண்களின் சாட்சியைச் சேர்த்தும் பார்க்கலாம். x⁴ − 2x³ + 3x² + x + 2 மட்டு 2-ல் x(x³ + x + 1) ஆகிறது, அதாவது 1 + 3. மட்டு 3-ல் (x² + 1)(x² + x + 2) ஆகிறது, அதாவது 2 + 2. முழு எண்களில் ஒருபடிக் காரணி இருந்தால் அது மட்டு 3-லும் தெரிய வேண்டும், தெரியவில்லை. இருபடிக் காரணிகள் இருந்தால் மட்டு 2-ல் 1 + 3 என்ற பிரிவு வந்திருக்காது. ஆகவே இதுவும் பகாக் கோவை.

7. எந்தப் பகா எண்ணாலும் பிடிபடாத கோவைகள் உண்டு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு 4-ல் பார்த்த x⁴ − 10x² + 1 பகாக் கோவைதான். ஆனால் எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் அந்த மட்டில் அது பிரிந்துவிடும். காரணத்தை மூன்று வரிகளில் பார்க்கலாம்.

(x² − 1)² − 8x²
(x² + 1)² − 12x²
(x² − 5)² − 24

மூன்றையும் விரித்துப் பாருங்கள், மூன்றுமே அதே கோவை. ஒரு மட்டில் 2 ஒரு வர்க்கமாக இருந்தால் முதல் வரி ‘a² − b²’ ஆகிப் பிரியும். 3 வர்க்கமாக இருந்தால் இரண்டாவது வரி. 6 வர்க்கமாக இருந்தால் மூன்றாவது வரி. பகா எண் மட்டில் வர்க்கமல்லாத இரண்டு எண்களைப் பெருக்கினால் வர்க்கம் வரும். ஆகவே 2-ம் 3-ம் வர்க்கம் இல்லையென்றால் 6 வர்க்கமாகிவிடும். தப்பிக்க வழியே இல்லை. விகிதமுறு எண்களில் 8, 12, 24 எதுவும் வர்க்கம் இல்லை, அதனால் அங்கே மட்டும் பிரியவில்லை. நான்கைந்து பகா எண்களில் முயன்றும் ஒவ்வொரு முறையும் கோவை பிரிந்துகொண்டே இருந்தால், அடுத்த பகா எண்ணைத் தேடிப் போவதை நிறுத்திவிட்டு நேர்வழிக்கு வந்துவிடுங்கள்.

8. ஐசன்ஸ்டைன் சோதனையில் மூன்று நிபந்தனைகளையும் எழுதியே பாருங்கள்.

ஒரு பகா எண் p உயர்படிக் கெழுவை வகுக்கக் கூடாது. மற்ற எல்லாக் கெழுக்களையும் வகுக்க வேண்டும். மாறிலி உறுப்பை p² வகுக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் கோவை பகாக் கோவை. 1850-ல் ஐசன்ஸ்டைன் இதை வெளியிட்டார். அவருக்கு முன்பே, 1846-ல், ஷோனமான் இதே கருத்தைக் கண்டிருந்தார்.

பலரும் விட்டுவிடுவது மூன்றாவது நிபந்தனையை. குறிப்பு 3-ல் பார்த்த x⁴ + 4-ஐ p = 2 கொண்டு சோதியுங்கள். முதல் இரண்டும் பொருந்தும். ஆனால் 4 என்ற மாறிலியை 2² வகுத்துவிடும், சோதனை தோற்கிறது. கோவை பிரிவதையும் ஏற்கெனவே பார்த்தோம்.

அந்த மூன்றாவது நிபந்தனை ஏன் வேண்டும்? மற்ற கெழுக்களை எல்லாம் p வகுப்பதால், மட்டு p-ல் கோவை வெறும் xⁿ-ன் மடங்காக நிற்கும். அது இரண்டாகப் பிரிந்தால் இரண்டு காரணிகளும் மட்டு p-ல் x-ன் அடுக்குகளாகவே இருக்க வேண்டும். அப்படியானால் இரண்டின் மாறிலி உறுப்பையும் p வகுக்கும், அவற்றின் பெருக்கலை p² வகுக்கும். p² வகுக்கவில்லை என்றால் பிரிவே இல்லை.

9. ஐசன்ஸ்டைன் நேராகப் பொருந்தாவிட்டால் கோவையை நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்துவது என்பதைக் கோவையிடமே கேளுங்கள்.

x³ − 3x − 1-ன் மாறிலி −1. அதை எந்தப் பகா எண்ணும் வகுக்காது. x-க்குப் பதில் x + a இட்டுப் பார்க்கலாம். நகர்த்துவதால் பகாத் தன்மை மாறாது. ஆனால் a என்ன? கண்ணை மூடிக்கொண்டு முயல வேண்டாம். எந்தப் பகா எண்ணில் கோவை ஒரே காரணியின் முழு அடுக்காகிறது என்று பாருங்கள். மட்டு 3-ல் −3x மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது x³ − 1, அது மட்டு 3-ல் (x − 1)³. ஆகவே p = 3, a = 1. இட்டுப் பாருங்கள்:

(x + 1)³ − 3(x + 1) − 1 = x³ + 3x² − 3

மற்ற கெழுக்கள் 3, 0, −3. மூன்றையும் 3 வகுக்கிறது. மாறிலி −3-ஐ 9 வகுக்கவில்லை. ஐசன்ஸ்டைன் பொருந்திவிட்டது.

எந்தப் பகா எண்ணைத் தேடுவது என்பதற்கும் ஒரு வழி உண்டு. கோவையின் தன்மைகாட்டியை வகுக்கும் பகா எண்கள் மட்டுமே இதற்கு உதவும். x³ + px + q வடிவக் கோவைக்குத் தன்மைகாட்டி −4p³ − 27q². நமக்கு 108 − 27 = 81. அதை வகுப்பது 3 மட்டும். ஆகவே 3-ஐத் தவிர வேறெதையும் முயல வேண்டியதே இல்லை.

10. களத்தைக் கட்டும்போது ஒரே ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பகாக் கோவை உறுதியானபின் θ என்ற புதிய எண்ணைச் சேர்த்து, அது θ³ − 3θ − 1 = 0 என்பதை நிறைவு செய்யும் என்று கொள்கிறோம். எழுதி வைக்கவேண்டிய விதி இதுதான்:

θ³ = 3θ + 1

கோவைகளைக் கூட்டிப் பெருக்கி, x³ − 3x − 1-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வதும் இதுவும் ஒன்றே. அந்த மீதிகளின் உலகில் x-ஏ மூலமாகிவிடுகிறது. மூலத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, கோவையிலிருந்தே கட்டிவிடலாம் என்ற இந்த வழி குரோனெக்கர் காட்டியது.

மீதியின் படி மூன்றுக்குக் கீழே இருக்கும். ஆகவே களத்தின் ஒவ்வொரு எண்ணும் a + bθ + cθ² என்ற வடிவில், a, b, c விகிதமுறு எண்களாக, ஒரே ஒரு விதமாக எழுதப்படும். மூன்று இடங்கள், ஆகவே விரிவின் படி மூன்று. இந்தக் களத்தை Q(θ) என்று எழுதுகிறோம்.

பெருக்கும்போது θ³ வந்தவுடன் விதியை இடுங்கள். (1 + θ)(θ² − θ) என்பதை விரித்தால் θ³ − θ. θ³-க்குப் பதில் 3θ + 1 இட்டால் 2θ + 1. θ⁴ வந்தால் θ·θ³ = 3θ² + θ. இவ்விரண்டு வரிகள் இருந்தால் எந்தப் பெருக்கலும் முடிந்துவிடும்.

11. வகுத்தலுக்கு யூக்ளிடின் வழிமுறையைப் பயன்படுத்துங்கள்.

கூட்டலும் பெருக்கலும் எந்தக் கோவையோடும் நடக்கும். வகுத்தல் நடந்தால்தான் அது களம். 1/(θ² + 1) என்ன என்று கண்டுபிடிப்போம். முதலில் x³ − 3x − 1-ஐ x² + 1-ஆல் வகுங்கள். ஈவு x, மீதி −4x − 1. இதைத் திருப்பி எழுதினால்

4x + 1 = x(x² + 1) − (x³ − 3x − 1)

அடுத்து x² + 1-ஐ 4x + 1-ஆல் வகுங்கள். ஈவு x/4 − 1/16, மீதி 17/16. மீதி பூச்சியமல்லாத எண்ணாகிவிட்டது, இத்தோடு நிறுத்தலாம். இப்போது 4x + 1-ன் இடத்தில் மேலே உள்ள வரியை இட்டு, x-க்குப் பதில் θ எழுதுங்கள். x³ − 3x − 1 உள்ள உறுப்புகள் மறைந்துவிடும். மிஞ்சுவது

(θ² + 1)(1 + θ/16 − θ²/4) = 17/16

ஆகவே 1/(θ² + 1) = (16 + θ − 4θ²)/17.

விடையைத் தசமத்தில் சரிபார்க்கத் தவறாதீர்கள். θ = 2cos 20° ≈ 1.8794, θ² ≈ 3.5321. இடப்பக்கம் 1/4.5321 ≈ 0.2207. வலப்பக்கம் (16 + 1.8794 − 14.1284)/17 ≈ 0.2207. பொருந்துகிறது. குறியில் நேரும் பிழைகளை இந்த ஒரு வரிக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

12. பகாத் தன்மையை உறுதி செய்யாமல் களம் என்று எழுதாதீர்கள்.

x⁴ + 4-ஐ வைத்து இதே கட்டுமானத்தைச் செய்துபாருங்கள். θ⁴ = −4 என்ற விதியோடு கூட்டலும் பெருக்கலும் சிக்கலில்லாமல் நடக்கும். எதுவும் தவறாகத் தெரியாது. ஆனால் (θ² + 2θ + 2)(θ² − 2θ + 2) = 0. பூச்சியமல்லாத இரண்டு எண்களைப் பெருக்கிப் பூச்சியம் வந்துவிட்டது. களத்தில் இப்படி நடக்கவே கூடாது. இந்த இரண்டு எண்களுக்கும் நேர்மாறு கிடையாது.

கணக்கு போடும்போது இதை எப்படிக் கண்டுகொள்வது? யூக்ளிடின் வழிமுறையில் கடைசி மீதி எண்ணாக முடியாமல், x உள்ள கோவையோடு நின்று அடுத்த மீதி பூச்சியமாகிவிடும். x⁴ + 4-ஐ x² + 2x + 2-ஆல் வகுத்தால் முதல் படியிலேயே மீதி பூச்சியம். பகாக் கோவையில் இது நடக்காது. அதைவிடச் சிறிய படியுள்ள, பூச்சியமல்லாத எந்தக் கோவைக்கும் அதற்கும் பொதுக் காரணி இருக்க முடியாது, ஆகவே மீதி எப்போதும் எண்ணில்தான் முடியும். நேர்மாறு கிடைப்பதன் முழுக் காரணமும் பகாத் தன்மைதான்.

13. ஒரு மூலத்தைச் சேர்த்தபின் மற்ற மூலங்கள் உள்ளே வந்துவிட்டனவா என்று தனியாகப் பாருங்கள்.

x³ − 3x − 1-ன் மற்ற இரண்டு மூலங்கள் 2cos 140°, 2cos 100°. cos-ன் இரட்டைக் கோண வாய்பாட்டின்படி θ² − 2 = 2cos 40°. இதன் எதிர்க்குறி 2cos 140°. ஆகவே இரண்டாவது மூலம் 2 − θ². x²-ன் கெழு பூச்சியம் என்பதால் மூன்று மூலங்களின் கூடுதல் பூச்சியம். ஆகவே மூன்றாவது மூலம் θ² − θ − 2. மூன்றும் Q(θ)-வுக்குள்ளேயே இருக்கின்றன. தன்மைகாட்டி 81 ஒரு முழு வர்க்கமாக இருந்ததே இதன் அடையாளம்.

எல்லா முப்படிக் கோவைகளும் இப்படி இல்லை. x³ − 2-வுக்கு 2-ன் கன மூலத்தைச் சேர்த்தால் கிடைக்கும் களம் மெய்யெண்களுக்குள் அடங்கும். மற்ற இரண்டு மூலங்களும் மெய்யல்லாத கலப்பெண்கள், ஆகவே உள்ளே வராது. அவற்றையும் சேர்த்தால் விரிவின் படி ஆறாகிவிடும்.

இதிலிருந்து இன்னொரு பாடம். பகாக் கோவை என்று சொல்லும்போது எந்தக் களத்தின் மேல் என்றும் சொல்லுங்கள். x³ − 3x − 1 விகிதமுறு எண்களின் மேல் பிரியாது, Q(θ)-வின் மேல் முழுக்கப் பிரியும். x⁴ − 10x² + 1-ம் √2-ஐச் சேர்த்தவுடன் (x² − 2√2x − 1)(x² + 2√2x − 1) என்று பிரிந்துவிடும். இரண்டாவது எண்ணைச் சேர்க்கும்போது அதன் கோவையை முதல் விரிவின் மேல் மறுபடி சோதித்தாக வேண்டும்.

14. கணினியில் சரிபாருங்கள். விடையை வாசிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள்.

எண் கோட்பாட்டுக்கென்றே உள்ள PARI/GP என்ற இலவச மென்பொருளில் மேலே செய்த வேலையை இப்படிச் சரிபார்க்கலாம்.

```
p = x^3 - 3*x - 1;
polisirreducible(p)
factormod(p, 17)
Mod(x^2 + 1, p)^-1
```

இரண்டாவது வரிக்கு 1 என்று விடை வந்தால் விகிதமுறு எண்களின் மேல் பகாக் கோவை என்று பொருள். மூன்றாவது வரி மட்டு 17-ல் காரணிகளைத் தரும். கடைசி வரி −4/17, 1/17, 16/17 என்ற கெழுக்களோடு குறிப்பு 11-ல் கிடைத்த அதே நேர்மாறைத் தரும். கணினி தருவது விடை மட்டும். தேர்வுத் தாளிலோ கட்டுரையிலோ எழுத வேண்டியது குறிப்பு 2, 5, 9 ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு காரணம்.

இனி முதல் கேள்விக்கு விடை. அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையும் ஒவ்வொரு படியும் அதிகபட்சம் ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பதுதான். ஒவ்வொரு முறையும் களத்தின் படி ஒன்றாலோ இரண்டாலோ பெருகும். ஆகவே அப்படிக் கிடைக்கும் எண் எதுவும் இரண்டின் அடுக்கைப் படியாகக் கொண்ட ஒரு களத்துக்குள் இருக்கும். 2cos 20° அதில் இருந்தால் Q(θ)-வும் அதற்குள் இருக்கும். அப்போது மூன்று இரண்டின் ஓர் அடுக்கை வகுக்க வேண்டும். அது நடக்காது. 60° கோணத்தை அளவுகோலாலும் கவராயத்தாலும் மூன்று சமபாகமாக்க முடியாது. 1837-ல் பியேர் வான்ட்செல் இதை நிறுவினார். அந்த நிறுவலின் முழு எடையும் x³ − 3x − 1 பிரியாது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: களத்தைக் கட்டும் முன் கோவையைச் சோதியுங்கள், சோதித்த காரணத்தை ஒரு வரியாவது எழுதி வையுங்கள்.